சிங்கப்பூர் சம்பளச் சீட்டில் பிரித்தே எழுத வேண்டிய இரண்டு வரிகள்

கேள்வி: குடியாத்தத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் பீடி சுற்றும் அக்கா ஒருவரின் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறார். ஆகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். அதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி அக்கா கேட்டார். என்னால் முடிந்த அளவு எழுதிக் கொடுத்தேன். ஆனால் அவர், "ஏம்மா, ஏஜெண்டு 858 டாலர்னு சொன்னான். இவரு ராத்திரி வரைக்கும் ஓ.டி. பாக்குறாரு, ஞாயித்துக்கிழமை கூடப் போறாரு. அப்புறம் எப்படி கைக்கு 786 தான் வருது?" என்று கேட்கிறார். படி, பிடித்தம், ஓ.டி. இவற்றையெல்லாம் எப்படி எழுதுவது, அவருக்கு எப்படி விளக்குவது? சீட்டின் போட்டோ, அவர் போகும்போது வந்த ஐ.பி.ஏ. கடிதத்தின் போட்டோ, நான் டைப் செய்த தாள் மூன்றையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

உங்கள் தாளில் தமிழ் நன்றாகவே இருக்கிறது. ஆனால் சீட்டின் முதல் இரண்டு வரிகளையும் கூட்டி, "மாதச் சம்பளம் 858" என்று ஒரே வரியாக்கிவிட்டீர்கள். ஏஜெண்டு சொன்ன தொகையோடு ஒத்துப்போகிறதே என்று நினைத்திருப்பீர்கள். சீட்டில் இருப்பது அடிப்படைச் சம்பளம் 572, சைட் அலவன்ஸ் 286. கூட்டினால் 858 வருகிறது, உண்மைதான். ஆனால் அந்த அக்கா கேட்கும் கேள்விக்கான பதிலே இந்த இரண்டு வரிகளும் பிரிந்து நிற்பதில்தான் இருக்கிறது. நான் இங்கே வேலூரில் மொழிபெயர்ப்பு வேலைக்கு வருமுன் சிங்கப்பூரில் ஒரு கட்டுமான கம்பெனியின் சம்பளப் பிரிவில் இருந்தவன். இப்படிப் பிரித்துப் போடுவது எதற்கு என்பது அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதற்கு முன் போட்டோவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சீட்டை நாலாக மடித்து பாக்கெட்டில் வைத்திருந்திருக்கிறார். மடிப்பு சரியாக ஓ.டி. மணிநேரத்தின் மேலேயே விழுந்திருக்கிறது. நீங்கள் 80 மணி என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிதாக்கிப் பார்த்தால் எனக்கும் அது 80 மாதிரிதான் தெரிகிறது. ஆனால் பக்கத்தில் ஒரு மணிக்கு 4.50 என்றும், தொகை 270.00 என்றும் தெளிவாக இருக்கிறது. 270-ஐ 4.50-ஆல் வகுத்தால் 60. அப்படியானால் மடிப்பில் இருப்பது 60 மணிதான். அதே போல சாப்பாட்டுப் பிடித்தத்தை 130 என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற பிடித்தங்கள் 120, 100, 60. கீழே மொத்தப் பிடித்தம் 430 என்று அச்சாகியிருக்கிறது. 430 வர வேண்டுமென்றால் சாப்பாடு 150 ஆகத்தான் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு மொழிபெயர்ப்பில் கண்ணை விடக் கால்குலேட்டரை நம்புங்கள். வரவு வரிகளைக் கூட்டுங்கள், பிடித்த வரிகளைக் கூட்டுங்கள், கழித்துப் பாருங்கள். கைக்கு வரும் தொகை ஒரு காசு பிசகாமல் வந்தால்தான் நீங்கள் படித்தது சரி. இந்தச் சீட்டில் வரவு 572, 286, 270, 88 சேர்ந்து 1,216. அதில் 430 போக 786. சரியாக வருகிறது.

கணக்குப் போட்டும் பிடிபடாத எழுத்து ஏதாவது இருந்தால் ஊகித்து நிரப்பாதீர்கள். அந்த இடத்தில் "தெளிவில்லை" என்று எழுதிவிட்டு வேறு போட்டோ கேளுங்கள். சீட்டை மேசையில் விரித்து, பிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் எழுத்து எழுத்தாகத் தெரியும். பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள், கையெழுத்துக் குறிப்புகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். சிங்கப்பூர்ச் சட்டத்தில் ஓ.டி. என்பது அடிப்படைச் சம்பளத்திலிருந்து மட்டும்தான் கணக்காகும். சைட் அலவன்ஸ், சாப்பாட்டுப் படி, போக்குவரத்துப் படி என்று எந்தப் பெயரில் கொடுத்தாலும் படி அந்தக் கணக்கில் சேராது. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மணிநேரச் சம்பளம் கண்டுபிடிக்க அங்கே ஒரே வழிதான். மாத அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, வரும் தொகையை 52 வாரம் பெருக்கல் 44 மணி, அதாவது 2,288-ஆல் வகுக்க வேண்டும். அதில் ஒன்றரை மடங்கு ஓ.டி. இவருடைய சீட்டில் கம்பெனி 572-ஐ வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது. 572 பெருக்கல் 12 என்றால் 6,864. அதை 2,288-ஆல் வகுத்தால் மணிக்கு 3.00 டாலர். ஒன்றரை மடங்கு 4.50. சீட்டில் இருக்கும் 4.50 இங்கிருந்துதான் வருகிறது. கணக்கில் தப்பே இல்லை, எடுத்துக்கொண்ட தொகையில்தான் விஷயம்.

இப்போது ஐ.பி.ஏ. கடிதத்தைப் பாருங்கள். வேலை அனுமதி தருவதற்கு முன் அங்குள்ள மனிதவள அமைச்சு கொடுக்கும் கடிதம் அது. கம்பெனி இந்த ஆளுக்கு என்ன சம்பளம் தருவதாக அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்ததோ அது அதில் இருக்கும். தொழிலாளி ஊரை விட்டுக் கிளம்பும் முன் அவருக்குப் புரிகிற மொழியில் ஒரு பிரதி கைக்கு வர வேண்டும். நீங்கள் அனுப்பிய போட்டோவில் மாத அடிப்படைச் சம்பளம் 858, நிலையான படிகள் 0, நிலையான பிடித்தம் 120 என்று மூன்று வரிகள் தெளிவாக இருக்கின்றன. அரசாங்கத்திடம் அடிப்படைச் சம்பளமே 858 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டில் அதையே 572-ஆகக் குறைத்து, மீதி 286-ஐப் படி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். எழுத்துமூலமாகத் தொழிலாளியின் சம்மதம் வாங்காமலும், அமைச்சுக்கு முன்கூட்டியே தெரிவிக்காமலும் கம்பெனி அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்க முடியாது.

858-ஐ வைத்து அதே கணக்கைப் போட்டால் என்ன வரும்? 858 பெருக்கல் 12 என்றால் 10,296. 2,288-ஆல் வகுத்தால் மணிக்கு 4.50. ஒன்றரை மடங்கு 6.75. அதாவது சீட்டில் ஓ.டி. விகிதம் என்று போட்டிருக்கும் 4.50 என்பது உண்மையில் அவருடைய சாதாரண மணிநேரச் சம்பளம்தான். மிகைநேரத்துக்கு மிகையாக எதுவுமே கிடைக்கவில்லை. 60 மணிக்கு 405 வர வேண்டியது, 270 வந்திருக்கிறது. 135 டாலர் குறைவு.

ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே கதை. சீட்டில் ஆர்.டி. என்று இரண்டெழுத்து போட்டு 88.00 என்று இருப்பதை நீங்கள் "ஆர்.டி. சேமிப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர் போஸ்ட் ஆபீஸ் பழக்கம்! ஆனால் அது வரவுப் பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். சேமிப்பென்றால் பிடித்தப் பக்கத்தில் அல்லவா வரும்? இது ஓய்வுநாள் வேலைக்கான கூலி. முதலாளி கூப்பிட்டு ஓய்வுநாளில் வேலை செய்தால் அரை நாள் வரைக்கும் ஒரு நாள் சம்பளம். அரை நாளைத் தாண்டினால் இரண்டு நாள் சம்பளம். தொழிலாளி தானாகவே கேட்டு வேலைக்குப் போனால் இதில் பாதிதான். ஒரு நாள் அடிப்படைச் சம்பளத்தை ஆண்டு முழுவதுக்குமான கணக்கில்தான் எடுப்பார்கள். மாத அடிப்படைச் சம்பளம் பெருக்கல் 12, அதை 52 வாரம் பெருக்கல் வாரத்துக்கு 6 நாள் என்று வகுக்க வேண்டும். 572-க்கு அது 22 டாலர். இரண்டு ஞாயிறு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் சம்பளம் என்றால் 88. ஆக, கம்பெனியே இரண்டு மடங்கு கணக்கைத்தான் போட்டிருக்கிறது. 858-க்கு ஒரு நாள் 33 டாலர், இரண்டு ஞாயிறுக்கு 132. இங்கே 44 டாலர் குறைவு.

135-உம் 44-உம் சேர்ந்து 179 டாலர் ஒரே மாதத்தில் குறைந்திருக்கிறது. மேலே 858 என்கிற கூட்டுத்தொகை மாறாமல் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. உங்கள் தாளில் ஒரே வரியாகிவிட்டபோது இனிமேலும் யாருக்கும் தெரிய வழியில்லாமல் போய்விட்டது. அதனால்தான் பிரித்து எழுதச் சொல்கிறேன்.

அந்த அக்காவுக்கு இதை விளக்குவது சுலபம், அவருக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே தெரியும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலியைக் குறைத்துவிட்டு, மாதக் கடைசியில் தனியாக ஒரு தொகையைக் கொடுத்து "மொத்தத்தில் அதேதானே வருது" என்று கம்பெனிக்காரர் சொன்னால் அவர் ஒத்துக்கொள்வாரா? கூடுதலாக ஒரு ஆயிரம் சுற்றினால் குறைந்த கூலிதான் வரும் என்று உடனே பிடித்துவிடுவார். இங்கே நடந்திருப்பதும் அதுதான்.

ஓ.டி. வரியில் இன்னும் ஒன்றிரண்டு கவனிக்க வேண்டும். அங்கே மாதச் சம்பளத்தை, சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஓ.டி. பணத்துக்கு 14 நாள் வரை அவகாசம் உண்டு. அதனால் சில கம்பெனிகள் ஓ.டி.யை வேறு தேதிக் கணக்கில் எடுப்பார்கள். ஆகஸ்ட் சீட்டில் இருக்கும் ஓ.டி. ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும் செய்ததாக இருக்கலாம். அப்படி வேறாக இருந்தால் ஓ.டி. காலத்தின் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் சீட்டில் தனியாக இருக்க வேண்டும். 2016 ஏப்ரலிலிருந்து எல்லாத் தொழிலாளிக்கும் விவரச் சம்பளச் சீட்டு கட்டாயம், அதில் இருக்க வேண்டிய விவரங்களில் இதுவும் ஒன்று. நீங்கள் அனுப்பிய போட்டோவில் மேல் ஓரம் வெட்டுப்பட்டு அந்த வரி விழவில்லை. புது போட்டோவில் அதைப் பார்த்து, நாள், மாதம் என்ற வரிசையில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். "ஆகஸ்ட் ஓ.டி." என்று நீங்களாக எழுதிவிட்டால், அவர் ஆகஸ்டில் தான் செய்த மணியை எண்ணிப் பார்த்துக் குழம்புவார்.

60 மணி உண்மைதானா என்பது சீட்டைப் பார்த்து நம்மால் சொல்லக்கூடியதல்ல. அது அவர் டைம் கார்டிலும் அவர் வைத்திருக்கும் குறிப்பிலும் இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி அல்லது வாரத்துக்கு 44 மணி தாண்டினால் ஓ.டி. மாதத்துக்கு 72 மணிக்கு மேல் ஓ.டி. வாங்கக் கூடாது என்பது பொது விதி. இந்த உச்சவரம்பைக் காட்டி சில இடங்களில் 72-க்கு மேல் செய்த மணியைச் சீட்டில் போடாமலே விட்டுவிடுவார்கள், அல்லது வேறு பெயரில் படியாகப் போடுவார்கள். இவருக்கு 60 என்பதால் அந்தச் சந்தேகம் இல்லை. ஆனாலும் ஒரு சின்ன டைரியில் தினம் எத்தனை மணிக்கு ஆரம்பித்தார், எத்தனை மணிக்கு முடித்தார் என்று அவர் எழுதி வைத்தால் நல்லது. ஆகஸ்ட் 9 அங்கே தேசிய நாள் விடுமுறை. அன்று வேலைக்குப் போனாரா என்றும் கேளுங்கள். போயிருந்தால் பதிலுக்கு வேறு நாள் லீவு என்று பேசியிருக்க வேண்டும், இல்லையென்றால் கூடுதலாக ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் வர வேண்டும். சீட்டில் அப்படி ஒரு வரி இல்லை.

பிடித்தங்களுக்கு வருவோம். நான்கு இருக்கின்றன, நான்கும் ஒரே மாதிரி அல்ல.

தங்குமிடம் 120. இது ஐ.பி.ஏ. கடிதத்தில் நிலையான பிடித்தம் என்று சொல்லியிருக்கும் அதே தொகை. தங்குமிடம், வசதிகள் இவற்றுக்குப் பிடிப்பது அந்த மாதச் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது, இங்கே தாண்டவில்லை. "தங்குமிடக் கட்டணம்" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சாப்பாடு 150. கேட்டரிங் சாப்பாடு வாங்கிக்கொள்கிறேன் என்று அவரே கேட்டிருந்தால், அதன் உண்மையான விலையைப் பிடிக்கலாம். கேட்கவில்லையென்றால் பிடிக்க முடியாது. டார்மிட்டரியில் சமைத்துச் சாப்பிடுகிறவராக இருந்தால் இந்த வரி எப்படி வந்தது என்று கேட்க வேண்டியதுதான். இதை அந்த அக்காவிடம் கேட்காதீர்கள், அவரையே கேளுங்கள். காலையிலும் மதியமும் பொட்டலச் சாப்பாடு வாங்குகிறார், ராத்திரி மட்டும் சமைக்கிறார் என்பது போன்ற விவரமெல்லாம் வீட்டுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

முன்பணம் 100. எப்போது, எவ்வளவு வாங்கினார், மீதி எவ்வளவு? முன்பணத்தைத் தவணையாகத் திருப்பிப் பிடிக்கலாம். ஒரு மாதத் தவணை அந்த மாதச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது, 12 மாதத்துக்கு மேல் இழுக்கவும் கூடாது. ஊருக்கு அனுப்ப வாங்கிய பணமாகவும் இருக்கலாம். சீட்டில் மீதித் தொகை காட்டப்படவில்லை என்பதால் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு பிடித்தார்கள் என்று அவர்தான் கணக்கு வைக்க வேண்டும்.

நான்காவதுதான் சிக்கல். எஃப்.டபிள்யூ.எல். 60.00 என்று இருப்பதை நீங்கள் "நலநிதி" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் தொழிலாளர் நலநிதிக்குப் பிடிப்பார்கள், அதை நினைத்திருப்பீர்கள் போல. இது வெளிநாட்டு ஊழியர் லெவி. ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளிக்காகவும் கம்பெனி அரசாங்கத்துக்கு மாதாமாதம் கட்டும் தொகை. இதைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து எடுப்பது அங்கே குற்றம். கம்பெனி அவருக்காகக் கட்டியிருக்கும் 5,000 டாலர் பிணைத்தொகையும் அப்படியே, அதன் பெயரைச் சொல்லியும் பிடிக்கக் கூடாது. சில கம்பெனிகள் லெவியை "அட்மின்", "இதர" என்று மறைத்து எழுதும். இவர்கள் வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள், தொழிலாளிக்குப் புரியாது என்ற நம்பிக்கையில். நீங்களும் "நலநிதி" என்று எழுதினால் அதைப் பார்க்கிறவர்கள் நல்ல காரியத்துக்குத்தானே என்று விட்டுவிடுவார்கள். "வெளிநாட்டு ஊழியர் லெவி" என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

அக்கா இன்னொன்றும் கேட்பார்: "பி.எஃப். பிடிக்கலையே, நாளைக்கு என்ன கிடைக்கும்?" சிங்கப்பூரின் சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு இல்லை. அது சீட்டில் இல்லாதது சரிதான்.

நியாயமாக வந்திருக்க வேண்டியது எவ்வளவு என்று பார்த்தால், 858, 405, 132 சேர்ந்து 1,395. அதிலிருந்து தங்குமிடம், சாப்பாடு, முன்பணம் 370 போனால் 1,025. வந்தது 786. இடையில் 239 டாலர். சாப்பாட்டு வரி சரி என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

இந்த 1,025 என்ற எண் மொழிபெயர்ப்புத் தாளில் எங்குமே வரக் கூடாது. இது முக்கியம். மொழிபெயர்ப்புத் தாள் என்பது சீட்டில் இருப்பதை வரிக்கு வரி, அதே வரிசையில், அதே எண்ணில் காட்ட வேண்டும். சம்பளக் காலம், அடிப்படைச் சம்பளம் 572.00, சைட் படி 286.00, மிகைநேரம் 60 மணி மணிக்கு 4.50 வீதம் 270.00, ஓய்வுநாள் வேலை 88.00, மொத்த வரவு 1,216.00 என்று இப்படியே போகட்டும். தொகைகள் டாலரிலேயே இருக்கட்டும். ரூபாயில் கேட்டால் வாயால் சொல்லுங்கள், தாளில் எழுதாதீர்கள். மாற்று விகிதம் நாளுக்கு நாள் மாறும், பிறகு அந்தத் தாள்தான் சண்டைக்குக் காரணமாகும். உங்கள் கணக்கும் ஐ.பி.ஏ.யோடு ஒப்பிட்டதும் தனித் தாளில், "குறிப்பு" என்ற தலைப்பில் இருக்கட்டும். இரண்டையும் கலந்தால், கம்பெனி எழுதியது எது, நீங்கள் எழுதியது எது என்று பிறகு உங்களுக்கே தெரியாது.

முத்திரை, நோட்டரி கையெழுத்து எதுவும் இதற்குத் தேவையில்லை. அங்கே புகார் கொடுக்க வேண்டி வந்தால் அவர்கள் பார்ப்பது அசல் சீட்டைத்தான், நம் தமிழ்த் தாளை அல்ல. வேலூர் வந்து நோட்டரியிடம் பணம் கொடுக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிடுங்கள். அசல் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான் அவர் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். ஐ.பி.ஏ. கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் சேர்த்து, போனிலும் வீட்டிலுமாக இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

"கம்பெனி ஏமாத்திட்டான்" என்ற சொல்லை நீங்கள் வாயிலிருந்து விட்டுவிடாதீர்கள். அவர் அங்கே போன பிறகு வேறு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கலாம். புரியாமல்கூடப் போட்டிருக்கலாம், ஆனால் போட்டாரா என்று முதலில் தெரிய வேண்டும். "சம்பளத்தைப் பிரிச்சுப் போடறதுக்கு ஏதாவது பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்களா? உங்ககிட்ட அதோட காப்பி இருக்கா?" என்று இந்த ஒரு கேள்வியை அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டிருந்தாலும் அமைச்சுக்குத் தெரிவிக்காமல் குறைத்தது செல்லாது. ஆனால் விஷயத்தை எடுத்துச் சொல்லும் விதம் மாறும்.

பிறகு என்ன செய்வது என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. முதலில் சம்பளப் பிரிவில் சீட்டையும் ஐ.பி.ஏ.யையும் காட்டிக் கேட்கலாம். அவர்கள் மாற்றாவிட்டால் டி.ஏ.டி.எம். என்ற சமரச அமைப்பில் சம்பளக் கோரிக்கை போடலாம். அங்கே முதலில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள், ஒத்துவரவில்லையென்றால் வேலை தொடர்பான கோரிக்கைகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போகும். வெளிநாட்டு ஊழியர்களுக்கான நிலையம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே தமிழிலேயே பேசி விளக்கம் கேட்கலாம். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, அதனால் நம் ஆட்களுக்கு மொழி பெரிய தடையாக இருக்காது. பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அந்த அக்காவுக்கு நிச்சயம் வரும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லிச் சமாதானப்படுத்தாதீர்கள். கோரிக்கை விசாரணையில் இருக்கும் காலத்தில் அங்கே தங்க சிறப்பு அனுமதி கொடுக்கிறார்கள் என்பதைச் சொல்லலாம். கடன் வாங்கிப் போனவர் எந்த மாதத்தில் கேட்டால் தாங்குவார் என்பது அந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

ஆனால் காலக்கெடு உண்டு. வேலையில் இருக்கும்போது கோரிக்கை போட்டால் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் வர வேண்டியிருந்த சம்பளத்தைத்தான் கேட்க முடியும். வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலைநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் விடுவது இங்கேதான் கையை விட்டுப் போகிறது.

அதனால் ஆகஸ்ட் சீட்டோடு நிறுத்தாதீர்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்து எல்லாச் சீட்டுகளையும் அனுப்பச் சொல்லுங்கள். முதல் இரண்டு மாதம் அடிப்படைச் சம்பளம் 858 என்றே இருந்து, பிறகு ஒரு மாதத்தில் 572-ஆக மாறியிருந்தால், எந்த மாதத்தில் மாறியது என்பதே மிக முக்கியமான ஆதாரம். முதல் மாதத்திலிருந்தே 572 என்றால், கம்பெனி அமைச்சிடம் ஒன்று சொல்லி, சீட்டில் வேறொன்று எழுதியது ஆரம்பத்திலிருந்தே என்று ஆகும். எல்லாச் சீட்டிலும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியவை மூன்றே இடங்கள்தான்: அடிப்படைச் சம்பளம், ஓ.டி. விகிதம், லெவி வரி. இந்த மூன்றையும் மாதவாரியாக ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும், மற்ற வரிகளை அவர் கேட்டால் மட்டும் எழுதலாம். எழுதி முடித்ததும் கடை கம்ப்யூட்டரில் இருக்கும் போட்டோக்களை அழித்துவிடுங்கள். சீட்டிலும் ஐ.பி.ஏ.யிலும் அவருடைய அடையாள எண், பாஸ்போர்ட் எண் எல்லாம் இருக்கின்றன.